போறனா, போகிறேனா? கட்டுரைக்கும் உரையாடலுக்கும் தமிழைப் பிரித்து எழுதும் வழி

தமிழை மூச்சுவிடாமல் பேசத் தெரிந்தும், எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறவர்களுக்கான குறிப்பு இது. சிங்கள வழியிலோ ஆங்கில வழியிலோ படித்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவர்கள், வெளிநாட்டில் வளர்ந்து இங்கே குடிவந்தவர்கள், பிள்ளையைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தும் பெற்றோர் என்று பலருக்கும் இந்தச் சிக்கல் இருக்கிறது. நானும் சிங்கள வழியில் படித்துவிட்டு வந்தவன்தான். யாரிடம் கேட்டாலும் "இலக்கணமாக எழுதுங்கள்" என்றார்கள். எங்கே தொடங்குவது, எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடவே கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அலைந்து பொறுக்கிய அந்த ஒழுங்கைக் கீழே தருகிறேன்.

வேண்டிய பொருட்கள் ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைப்பேசி. இவற்றுக்கு மேல் செலவு வருவது கடைசியில் தட்டச்சுக் கடையில்தான். அதைப் பற்றி அங்கே சொல்கிறேன். ஐந்நூறு சொல் எழுத வேண்டுமென்றால் மூன்று மாலைகளை ஒதுக்குங்கள். முதல் மாலை பதிவுக்கும் எழுதி எடுப்பதற்கும், இரண்டாவது மாற்றி எழுதுவதற்கு, மூன்றாவது சரிபார்ப்பதற்கு. ஒரே இரவில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் சரிபார்ப்புத்தான் விடுபடும்.

1. ஒவ்வொரு வாக்கியமும் யாருடைய வாய் என்று முடிவு செய்யுங்கள்

கட்டுரை, விண்ணப்பம், அலுவலகக் கடிதம், அறிக்கை ஆகியவற்றில் பேசுவது ஒரே வாய்தான். அது எழுத்துத் தமிழ் பேசும் வாய். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அது மாறக் கூடாது.

கதையில் இரண்டு வாய்கள் உண்டு. கதை சொல்பவர் எழுத்துத் தமிழில் சொல்வார். மேற்கோள் குறிக்குள் இருப்பவர் தம் ஊர்த் தமிழில் பேசுவார். கதையையே ஒரு பாத்திரம் "நான்" என்று பேச்சுத் தமிழில் சொல்லும் முறையும் இருக்கிறது. முதல் கதைக்கு அதை எடுக்காதீர்கள். அந்தப் பாத்திரத்தின் பேச்சு ஒரு வரியில் நழுவினாலும் கதை முழுவதும் போலியாகிவிடும்.

வரைவு கையில் இருந்தால், மேற்கோள் குறிக்குள் வரும் வாக்கியங்களுக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு இடுங்கள். கோடு உள்ளதில் பேச்சு, கோடு இல்லாததில் எழுத்து. இனி வரும் படிகள் எல்லாம் இந்தக் கோட்டை நம்பியே நடக்கின்றன.

இங்கே ஒரு பொறி உண்டு. "தான் வர முடியாது என்று மாமி சொன்னார்" என்பது மாமியின் பேச்சல்ல. மாமி சொன்னதை நீங்கள் சொல்வது. மேற்கோள் குறி இல்லாமல் பிறர் பேச்சை எடுத்துச் சொன்னால் அது எழுத்துத் தமிழில்தான் வர வேண்டும். "ஏலாது எண்டு மாமி சொன்னா" என்பதைக் கட்டுரைக்குள் அப்படியே விட்டுவிடுகிறவர்கள் பலர்.

2. ஒரு பேச்சைப் பதிவு செய்து, கேட்டபடியே எழுதுங்கள்

வீட்டில் நன்றாகக் கதை சொல்லும் ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஐந்து நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுங்கள். ஐந்து நிமிடப் பேச்சை எழுதி எடுக்கப் பழக்கமில்லாத கைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் மனத்திலிருந்து எழுதினால், நீங்கள் உண்மையில் பேசுவதை விட்டுவிட்டுப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பதையே எழுதுவீர்கள். அதில் பாதி இந்தியத் தொலைக்காட்சித் தொடர்களின் தமிழாக இருக்கும்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன். நம் ஊர்ப் பெண் ஒருவர் மீன் வாங்கப் போன கதையைச் சொல்கிறார்:

"நேற்றுப் பின்னேரம் நானும் மாமியும் மீன் வாங்கப் போனனாங்கள். சந்தையில சரியான சனம். பாரைக்குட்டி கிலோ எவ்வளவு எண்டு கேட்டா, ஒராள் வாய் திறக்கேல்ல. மாமிக்குக் கோவம் வந்திட்டுது. வா போவம், கடற்கரையில வள்ளம் வரேக்க வாங்கலாம் எண்டு சொல்லிப்போட்டு, என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வெளிய வந்திட்டா. பிறகு பார்த்தா, கடைக்காரர் பின்னால ஓடி வாறார்."

3. கட்டுரைக்கு: வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முதலில் மாற்றுங்கள்

எழுத்துத் தமிழ் என்றவுடன் பெரிய பெரிய சொற்களைத் தேடி ஓடுகிறார்கள். அது தவறான கதவு. பேச்சும் எழுத்தும் அதிகம் பிரிவது வினைமுற்றில், அதாவது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில். அதை மட்டும் திருத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மேலேயுள்ள பதிவில் "போனனாங்கள்" என்பது "போனோம்" ஆகும். ஒருமையில் "போனனான்", "வந்தனான்" என்று நாம் சொல்வது "போனேன்", "வந்தேன்". "போறன்", "வாறன்", "செய்யிறன்" ஆகியவை "போகிறேன்", "வருகிறேன்", "செய்கிறேன்". "போவம்" என்பது "போவோம்". "திறக்கேல்ல" என்பது "திறக்கவில்லை". கிழக்கில் சிலர் "திறக்கல்ல" என்பார்கள், அதற்கும் எழுத்து வடிவம் அதுவேதான். "வந்திட்டுது" என்பது "வந்துவிட்டது". "சொல்லிப்போட்டு" என்பது "சொல்லிவிட்டு". "வரேக்க" என்பது "வரும்போது".

"வந்திட்டா" என்பதில் சற்று நில்லுங்கள். மாமியைப் பற்றி "மாமி வந்திட்டா" என்று நாம் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. நம் பேச்சில் "அவ" என்பதே மதிப்புக் கலந்த சொல். ஆனால் எழுத்தில் அதற்குச் சமமானது "அவள் வந்துவிட்டாள்" அல்ல, "அவர் வந்துவிட்டார்". ஒலி நெருக்கத்தை வைத்து "மாமி வந்துவிட்டாள்" என்று எழுதினால், வாசிப்பவருக்கு நீங்கள் மாமியை மட்டம் தட்டியதாகத் தோன்றும். அம்மா, ஆசிரியை, பக்கத்து வீட்டு அக்கா எல்லோருக்கும் இதே விதிதான்.

அடுத்த பொறி அரைகுறை மாற்றம். "போறன்" என்பதைத் திருத்தப் போய்ப் பலர் "போகிறன்" என்று எழுதுகிறார்கள். நடுவில் "கிற்" வந்துவிட்டது, கடைசி "ஏன்" வரவில்லை. அது எழுத்தும் அல்ல, பேச்சும் அல்ல. "நான்" என்று தொடங்கும் வாக்கியம் கட்டுரையில் "ஏன்" என்ற ஒலியில் முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்: போகிறேன், போனேன், போவேன், போகமாட்டேன். "நாங்கள்" என்றால் "ஓம்": போகிறோம், போனோம், போவோம். "போகிறம்" என்று முடிந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

மூன்றாவது பொறி காதில் விழவே விழாது. "வள்ளங்கள் கரையில நிக்குது" என்று பேசுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. எழுத்தில் "வள்ளங்கள் கரையில் நிற்கின்றன" என்று வர வேண்டும். அஃறிணைப் பன்மைக்குப் பேச்சில் பெரும்பாலும் தனி முடிவு வைப்பதில்லை, எழுத்தில் வைக்க வேண்டும். "பிரச்சினைகள் உள்ளது", "மரங்கள் விழுந்தது" என்று எழுதினால் திருத்துபவரின் பேனா முதலில் அங்கேதான் இறங்கும். "உள்ளன", "விழுந்தன" என்று எழுதுங்கள். கண்டுபிடிக்க எளிய வழி, "கள்" என்று முடியும் அஃறிணைச் சொல் எழுவாயாக வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்ப்பது.

காலத்தையும் கவனியுங்கள். "பிறகு பார்த்தா, கடைக்காரர் ஓடி வாறார்" என்று நேற்று நடந்ததை இன்று நடப்பதுபோல் சொல்வது பேச்சின் சுவை. கட்டுரையில் இறந்த காலத்தில் தொடங்கியதை இறந்த காலத்திலேயே முடியுங்கள்.

4. பிறகு சொல்லின் வாலும் ஒற்றும்

"சந்தையில" என்பதில் ஒரு புள்ளிதான் குறை: "சந்தையில்". "என்ர" என்பது "என்னுடைய" அல்லது "என்". "மாமியோட" என்றால் "மாமியுடன்". "கடைக்காரரிட்ட" என்றால் "கடைக்காரரிடம்". "எண்டு" என்பது "என்று". இவற்றை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தால் போதும். வாக்கிய முடிவுகளைப்போல் இவை ஏமாற்றுவதில்லை.

இரண்டு சொல் சேரும்போது முதல் சொல்லின் கடைசியில் க், ச், த், ப் என்ற ஒற்று மிகும் இடங்கள் என்று இலக்கண நூல்கள் நீண்ட பட்டியல் தரும். தொடக்கத்தில் மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். "ஐ" உருபுக்குப் பின் (விலையைக் கேட்டேன்), "கு" உருபுக்குப் பின் (சந்தைக்குச் சென்றேன்), "வாங்க", "பார்க்க" போன்ற எச்சங்களுக்குப் பின் (வாங்கப் போனேன்) க, ச, த, ப வந்தால் ஒற்று இடுங்கள். இந்த மூன்றிலும் உங்கள் வாய் ஏற்கெனவே அழுத்தித்தான் சொல்கிறது. காதைக் கொடுத்தால் கேட்கும். "வந்த பெண்", "ஓடிய பையன்" போன்றவற்றில் ஒற்று வராது. பயத்தில் எல்லா இடத்திலும் ஒற்றைப் போடுவது, போடாமல் விடுவதைவிடக் கண்ணைக் குத்தும்.

5. ஊர்ச்சொல்லில் கை வைக்காதீர்கள்

பேச்சுத் தமிழ் வேறு, ஊர்த் தமிழ் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் நல்ல கட்டுரைகள் பல உயிரிழக்கின்றன. கதிரை, சப்பாத்து, பாண், அலுமாரி, வள்ளம், வீதி ஆகியவை இலங்கையில் அச்சிலும் வருகிற சொற்கள். "கதிரையில் அமர்ந்தார்" என்பது முழு எழுத்துத் தமிழ். அதை "நாற்காலி" என்று மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது "கதிரையில இருந்தவர்" என்பதன் வாலைத்தான்.

அதேபோல் "போனோம்" என்பதே முறையான எழுத்து வடிவம். "சென்றோம்" என்று மாற்றினால் தவறில்லை, கட்டாயமும் இல்லை. "சாப்பிட்டேன்" என்றால் போதும். "உணவருந்தினேன்" என்று எழுதினால் மீன் சந்தைக் கதைக்குள் திடீரென்று திருமண அழைப்பிதழ் புகுந்துவிடும்.

ஒரு சொல் அச்சில் செல்லுமா என்ற ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். இலங்கை வழக்கு என்றும் பேச்சு வழக்கு என்றும் அது தனித்தனியே குறித்திருக்கும். முதல் குறி இருந்தால் கட்டுரையில் தாராளமாக எழுதலாம். இரண்டாவது இருந்தால் உரையாடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஈழத்து எழுத்தாளர்கள் எப்படி எழுதினார்கள் என்று பார்க்க noolaham.org தளத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த மூன்று படிகளும் முடிந்தபின் நம் பதிவு கட்டுரையில் இப்படி நிற்கும்:

நேற்று மாலை நானும் மாமியும் மீன் வாங்கச் சந்தைக்குப் போனோம். அங்கே பெருங்கூட்டம். பாரைக்குட்டியின் விலையைக் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. கடற்கரைக்கு வள்ளம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சிறிது நேரத்தில் கடைக்காரர் எங்கள் பின்னால் ஓடி வந்தார்.

பாரைக்குட்டி, வள்ளம், மாமி மூன்றும் அப்படியே இருக்கின்றன. "வாய் திறக்கவில்லை" என்ற மரபுத்தொடரும் இருக்கிறது.

6. உரையாடலுக்கு: எல்லா ஒலியையும் எழுதாதீர்கள்

கதையில் வேலை தலைகீழ். இங்கே பதிவுத் தாளிலிருந்து எதை விடுவது என்பதே கேள்வி. நாம் விழுங்கும் எழுத்தையெல்லாம் விழுங்கியபடியே எழுதினால் வாசகர் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுவார். என் அளவுகோல் எளிது: முதல் வாசிப்பில் சொல் பிடிபடவில்லையென்றால் அதைப் பொதுவான எழுத்துக்கூட்டலில் எழுதிவிடுவேன். வினைமுடிவு (போறன், வரேல்ல), உருபின் வால் (சந்தையில), "எண்டு", "ஓம்", முறைச்சொல் ஆகிய ஐந்தும் சரியாக இருந்தால் வாசகரின் காது மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

அதே சம்பவம் கதையில்:

மாலை ஐந்து மணிக்குச் சந்தை நெரிந்துகொண்டிருந்தது. மாமி ஒரு பாரைக்குட்டியின் செவுளைத் திறந்து பார்த்தார்.

"இது கிலோ எவ்வளவு?"

கடைக்காரர் நிமிரவில்லை. வேறொருவருக்குச் சுறாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். எவ்வளவு எண்டு சொல்லுங்கோவன்."

பதில் இல்லை. மாமி என் கையைப் பிடித்தார்.

"வா பிள்ளை, போவம். கடற்கரையில வள்ளம் வரேக்க வாங்கலாம்."

நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா, நில்லுங்கோ! ஏன் கோவிக்கிறீங்கள்?"

கதை சொல்லும் வரிகளில் ஒரு பேச்சு வடிவம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "மாமி கையப் பிடிச்சா" என்று ஒரு வரி அங்கே நழுவியிருந்தால், மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சின் வலுவும் போயிருக்கும். கேள்விக்கு முன்னும் பின்னும் "என்று மாமி கேட்டார்" என்று ஒட்டவும் இல்லை. யார் பேசுகிறார் என்பது தெரிந்தால் அதை விடலாம். ஒட்டத்தான் வேண்டுமென்றால் அது எழுத்துத் தமிழில் வரும்: "... வாங்கலாம்" என்றார் மாமி.

இனி, நம் ஊருக்கே உரிய பொறிகள். திருகோணமலையில் ஒரே பேச்சு இல்லை. ஒரே வீதியில் "வாங்கோ" என்பவரும் "வாங்க" என்பவரும், "வரேல்ல" என்பவரும் "வரல்ல" என்பவரும் இருப்பார்கள். யாழ்ப்பாணத்து உறவும் மட்டக்களப்புத் தொடர்பும் இங்கே கலந்துகிடக்கின்றன. இரண்டுமே சரி. ஆனால் ஒரே பாத்திரம் முதல் பக்கத்தில் "வாங்கோ" என்றும் மூன்றாம் பக்கத்தில் "வாங்க" என்றும் சொல்லக் கூடாது. எனவே பாத்திரத்துக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவர் "இல்லை" என்பதை வினையோடு எப்படிச் சேர்க்கிறார், ஏவலை எப்படி முடிக்கிறார், எதிரே இருப்பவரை நீ, நீர், நீங்கள் என்பவற்றில் எதனால் விளிக்கிறார், யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார் என்ற நான்கு விவரம் இருந்தால் போதும். "நீர்" நம்மிடையே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆசிரியர் பெரிய மாணவனிடம் "நீர் ஏன் நேற்று வரேல்ல?" என்று கேட்பார். இந்தியத் தமிழை மட்டும் வாசித்தவர்கள் அதைப் பழைய நாடக வசனம் என்று நினைத்து வெட்டிவிடுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

முறைச்சொல் பிழைத்தால் பாத்திரமே மாறிவிடும். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு முஸ்லிம் வீட்டை எழுதுகிறீர்கள் என்றால் அங்கே வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்றுதான் அழைப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளையை "அப்பா" என்று கூப்பிட வைத்துவிட்டு ஒலிகளை எவ்வளவு நுட்பமாக எழுதினாலும் பயனில்லை. அந்த வீட்டை அறிந்த ஒருவரிடம் உரையாடலை மட்டும் வாசித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள்.

கடைசிப் பொறி திரைத் தமிழ். நம் பாத்திரம் "ஆமா", "போறேன்" என்று சொன்னால் அவர் கடல் கடந்துவிடுகிறார். இங்கே "ஓம்", "போறன்". "அம்மா பேசுவா" என்றால் நம் காதுக்கு அம்மா திட்டுவார் என்றே பொருள். வெறுமனே உரையாடுவது "கதைக்கிறது". "அம்மாவோட பேசிக்கொண்டிருந்தனான்" என்று எழுதினால் உள்ளூர் வாசகர் ஒரு கணம் சண்டையைத் தேடுவார்.

7. கையளிக்கும் முன்

எழுதியதை ஓர் இரவு ஆறவிடுங்கள். மறுநாள் கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். மேலிருந்து வாசித்தால் பொருள் உங்களை இழுத்துச் சென்றுவிடும்; "போகிறன்" கண்ணில் படாது. உரையாடலை மட்டும் வேறு விதமாகச் சரிபார்க்க வேண்டும். சத்தமாக வாசியுங்கள். முடிந்தால் இரண்டு பேர் பாத்திரம் பிரித்து வாசியுங்கள். நாக்கு எங்கே வேறு சொல்லைச் சொல்லப் பார்க்கிறதோ அங்கே நாக்கின் பக்கமே நில்லுங்கள்.

போட்டிக்கு என்றால் விதிமுறைத் தாளின் பிரதியை முதலிலேயே பாடசாலையில் வாங்கிவிடுங்கள். சொல் எல்லை, கையெழுத்தா தட்டச்சா, பெயர் எங்கே எழுதுவது எல்லாம் அதில்தான் இருக்கும். கட்டுரைப் போட்டியில் உரையாடல் வேண்டாம். சிறுகதையில் பேச்சு வழக்கை ஏற்பார்களா என்று பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

தட்டச்சுக் கடையில் மூன்று கேள்வி கேட்காமல் தாளைக் கொடுக்காதீர்கள். பக்கத்துக்கு எவ்வளவு, திருத்தத்துக்குத் தனிக் கட்டணமா, பாமினி எழுத்துருவில் அடிப்பீர்களா யுனிகோட்டிலா. பத்திரிகைக்கோ இணைய இதழுக்கோ அனுப்புவதென்றால் அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று முன்பே அறிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே கதைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேரும்.

நல்ல தட்டச்சாளர்கள் உங்களுக்கு உதவுவதாக எண்ணி "வரேல்ல" என்பதை "வரவில்லை" ஆக்கிவிடுவதும் உண்டு. இதழாசிரியர்களும் அப்படிச் செய்வார்கள். அதனால் கதையின் முதல் தாளில், தலைப்புக்கு மேலே, இந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்: "மேற்கோள் குறிக்குள் உள்ளவை திருகோணமலைப் பேச்சு வழக்கு, மாற்ற வேண்டாம்." அடித்த பிரதியைக் கடையிலேயே நின்று சரிபாருங்கள். பணம் கொடுத்த பிறகு திருத்தம் கேட்டால் அது புதுக் கணக்கு.